கட்டுபடியாகுமா? – இறுதிநிலை அடக்கக் கணக்கில் எந்தக் கேள்விக்கு எந்த வாய்பாடு

(சிறுதொழில் நடத்துவோரும் வணிகவியல் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



மார்ஜினல் காஸ்டிங் என்று வகுப்பறையிலும், இறுதிநிலை அடக்கவியல் என்று பாடநூலிலும் சொல்கிற கணக்கைப் பட்டறைக்காரர்கள் ஒரே சொல்லில் கேட்டுவிடுகிறார்கள்: “இந்த விலைக்குக் கொடுத்தால் கட்டுபடியாகுமா?” மாணவர்களிடம் இதற்கு வாய்பாடுகள் நிறைய இருக்கின்றன. எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். பட்டறைக்காரர்களுக்கு இடம் தெரியும். வாய்பாடு கையில் இருக்காது. இன்று இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்போம். அதற்கு ஒரு பட்டறை வேண்டும்.

கோயம்புத்தூரில் டேபிள் டாப் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க எண்களை நானே வைக்கிறேன். டீலருக்கு ஒரு கிரைண்டர் 4,000 ரூபாய். இதில் ஜி.எஸ்.டி. சேரவில்லை, வாங்கிக் கட்டுகிற வரி நம் வருமானமும் இல்லை, உள்ளீட்டு வரவாகத் திரும்பும் வரி நம் செலவும் இல்லை. மாதம் 400 கிரைண்டர் விற்கிறது. 500 வரை செய்ய முடியும்.

முதல் வேலை: செலவைப் பிரிப்பது

எல்லா வாய்பாட்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். இன்னொரு கிரைண்டர் செய்தால் கூடுகிற செலவு எது, செய்தாலும் செய்யாவிட்டாலும் அப்படியே நிற்கிற செலவு எது? முன்னது மாறும் செலவு. பின்னது நிலையான செலவு.

மோட்டார் 950 ரூபாய், கல் 420, எவர்சில்வர் டிரம்மும் பாடியும் 880, பெல்ட், ஒயர், சுவிட்ச் வகையறா 170, கோர்ப்பதற்குப் பீஸ் கூலி 180, அட்டைப்பெட்டி 120. மொத்தம் 2,720. இவை சந்தேகமில்லாமல் மாறும் செலவுகள். வாடகை, மாதச் சம்பளம், கடன் வட்டி, தேய்மானம் எல்லாம் சேர்ந்து மாதம் 3,08,000. இவை நிலையானவை. நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது: மின்சாரமும் பராமரிப்பும். மின்கட்டணத்தில் இணைப்பின் கிலோவாட்டைப் பார்த்து வருகிற நிலைக்கட்டணம் உற்பத்தியோடு அசையாது. யூனிட் கட்டணம் அசையும். இரண்டும் ஒரே பில்லில் வருகின்றன.

இதைப் பிரிக்க எளிய வழி, உற்பத்தி மிக அதிகமான மாதத்தையும் மிகக் குறைந்த மாதத்தையும் பக்கத்தில் வைப்பது.

ஒன்றுக்கு மாறும் செலவு = செலவு வேறுபாடு ÷ உற்பத்தி வேறுபாடு

ஒரு மாதம் 450 கிரைண்டர்; இந்த வகைச் செலவு 96,000. இன்னொரு மாதம் 250, செலவு 72,000. வேறுபாடு 24,000. அதை 200 கிரைண்டரால் வகுத்தால் ஒன்றுக்கு 120 ரூபாய். தேர்வுத் தாளில் இத்தோடு முடிந்துவிடும். பட்டறையில் முடியாது. அந்த 96,000-த்தின் பில்களைப் புரட்டினால் கம்ப்ரசரைக் கழற்றி மாட்டிய செலவு 8,000 உள்ளே கிடக்கிறது. அது உற்பத்தி கூடியதால் வந்த செலவில்லை. அதை நீக்கினால் 88,000. வேறுபாடு 16,000, ஒன்றுக்கு 80 ரூபாய். 450-க்கு 36,000 போக, நிலையான பகுதி 52,000.

ஒரே ஒரு ரிப்பேர் பில், மாறும் செலவை ஒன்றரை மடங்காகக் காட்டியிருக்கிறது பாருங்கள். இந்த முறை இரண்டே மாதங்களை நம்புகிறது. அந்த இரண்டில் ஒன்று வழக்கத்துக்கு மாறான மாதமாக இருந்தால் விடை கெட்டுப்போகும். கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. கிடைத்த எண்களை வைத்து நடுவில் இருக்கிற ஏதாவது இரண்டு மாதங்களின் செலவைக் கணக்கிட்டு, உண்மைப் பில்லோடு ஒப்பிடுங்கள். பெரிதாக விலகினால் உச்ச மாதத்தையோ தாழ்ந்த மாதத்தையோ சந்தேகப்படுங்கள். பில் காலமும் உற்பத்தி மாதமும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

ஆக, மாறும் செலவு 2,720-ம் 80-ம் சேர்ந்து 2,800. நிலையான செலவு 3,08,000-மும் 52,000-மும் சேர்ந்து மாதம் 3,60,000.

நான்கு வாய்பாடுகள், ஒரே எண்

விலையில் மாறும் செலவைக் கழித்தால் வருவது பங்களிப்பு. இங்கே 4,000-ல் 2,800 போக 1,200. ஒவ்வொரு கிரைண்டரும் நிலையான செலவை அடைக்க 1,200 ரூபாய் கொண்டுவருகிறது. அது அடைந்த பிறகு அதே 1,200 லாபமாகிறது. மற்ற வாய்பாடுகள் இந்த எண்ணிலிருந்து பிறப்பவை.

பி.வி. விகிதம் = பங்களிப்பு ÷ விற்பனை = 1,200 ÷ 4,000 = 30 சதவீதம்

சமன்புள்ளி = நிலையான செலவு ÷ ஒன்றின் பங்களிப்பு = 3,60,000 ÷ 1,200 = 300 கிரைண்டர்

பாதுகாப்பு விளிம்பு = விற்பனை − சமன்புள்ளி விற்பனை = 400 − 300 = 100 கிரைண்டர்

இலக்கு லாபத்துக்கான விற்பனை = (நிலையான செலவு + வேண்டிய லாபம்) ÷ ஒன்றின் பங்களிப்பு

முந்நூறு விற்றால் கைக்கும் வாய்க்கும் சரி. நானூறு விற்றால் மேலே உள்ள நூறுக்கும் 1,200 வீதம் 1,20,000 லாபம். விற்பனை 25 சதவீதம் சரிந்தாலும் நஷ்டம் வராது. மாதம் 1,80,000 லாபம் வேண்டும் என்றால் 5,40,000-த்தை 1,200-ஆல் வகுத்து 450 விற்க வேண்டும். ஒரே பொருள் என்றால் எண்ணிக்கையில் கணக்கிடுங்கள். பல பொருள் விற்கிற கடை என்றால் எண்ணிக்கைக்குப் பொருளில்லை. நிலையான செலவைப் பி.வி. விகிதத்தால் வகுத்து ரூபாயில் எடுங்கள். அதுவும் எந்தப் பொருள் எத்தனை பங்கு விற்கிறது என்ற கலவை மாறாத வரைதான் செல்லும்.

இந்த நான்கில் பட்டறைக்கு உடனே பயன்படுவது கடைசி வாய்பாடு. தீபாவளி வருகிறது, பத்து சதவீதம் தள்ளுபடி கொடுக்கலாமா என்று டீலர் கேட்கிறார். விலை 3,600 ஆகும். விலைதான் பத்து சதவீதம் குறைகிறது. பங்களிப்போ 1,200-லிருந்து 800-க்கு இறங்குகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு போகிறது. பழைய 1,20,000 லாபமே வர 4,80,000-த்தை 800-ஆல் வகுக்க வேண்டும்: 600 கிரைண்டர். விற்பனை ஒன்றரை மடங்காக வேண்டும். பட்டறையோ 500-க்கு மேல் செய்யாது. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. தள்ளுபடியைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

தனி ஆர்டர்: எந்த விலை வரை இறங்கலாம்?

இப்போது வேறொரு கேள்வி. வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் தன் கடைப் பெயரைப் போட்டு 100 கிரைண்டர் கேட்கிறார். 3,100-க்கு மேல் தரமாட்டேன் என்கிறார்.

வழக்கமான கணக்கர் இப்படிச் சொல்வார்: நிலையான செலவு 3,60,000-த்தை 400-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 900. மாறும் செலவோடு சேர்த்து முழு அடக்கம் 3,700. 3,100-க்குக் கொடுத்தால் ஒன்றுக்கு 600 நஷ்டம், முதலுக்கே மோசம்.

இந்த 900 எங்கிருந்து வந்தது? வாடகையையும் சம்பளத்தையும் 400-ஆல் வகுத்ததால் வந்தது. இந்த ஆர்டரை எடுத்தாலும் விட்டாலும் கட்டட உரிமையாளர் அதே வாடகையைத்தான் வாங்கப்போகிறார். ஆகவே அந்த 900-க்கு இந்த முடிவில் இடமில்லை. இங்கே பொருந்தும் வாய்பாடு இது:

குறைந்தபட்ச விலை = மாறும் செலவு + இந்த ஆர்டருக்கென்றே ஆகும் செலவு + இதனால் இழக்கும் பங்களிப்பு

கடைப் பெயர் அச்சிட்ட பெட்டிக்குக் கூடுதலாக 40 ரூபாய். மாறும் செலவு 2,840. அச்சுக்கட்டை ஒரே தடவைச் செலவு 5,000. நூறுக்குப் பிரித்தால் 50. கையில் 100 கிரைண்டருக்கு இடம் காலியாக இருப்பதால் இழப்பு ஏதுமில்லை. ஆக 2,890 ரூபாய் வரை இறங்கலாம். 3,100-க்குக் கொடுத்தால் நூறுக்கு 21,000 ரூபாய் கூடுதல் லாபம்.

மூன்றாவது உறுப்பைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அந்த மாதம் வழக்கமான விற்பனை 450 என்று வையுங்கள். காலி இடம் ஐம்பதுதான். நூறை எடுத்தால் வழக்கமான டீலர்களுக்கு ஐம்பது குறையும். இழப்பு 50 பெருக்கல் 1,200, அதாவது 60,000. நூறுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 600. குறைந்தபட்ச விலை 3,490 ஆகிவிடுகிறது. அதே ஆர்டர், அதே 3,100. முன்பு லாபம், இப்போது நஷ்டம். பட்டறையில் எவ்வளவு இடம் காலி என்பதே விடையை மாற்றிவிட்டது.

இந்த வாய்பாட்டுக்கு இன்னோர் எல்லையும் உண்டு. இது ஒரு தடவை ஆர்டருக்கான கணக்கு. 3,100 விலை ஊர் முழுக்கத் தெரிந்து எல்லா டீலரும் அதையே கேட்டால், பங்களிப்பு 300 ஆகிவிடும். சமன்புள்ளி 1,200 கிரைண்டருக்குப் போய்விடும். 500 செய்யும் பட்டறை மாதம் 1,200 விற்பது நடவாத காரியம். தனி ஆர்டரில் வாடகையை மறக்கலாம். ஆண்டு முழுவதற்குமான விலைப்பட்டியலில் மறந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

எது தட்டுப்பாடோ அதுவே அளவுகோல்

அதே பட்டறை டில்டிங் கிரைண்டரும் செய்யத் தொடங்குகிறது. விலை 5,000, மாறும் செலவு 3,200, பங்களிப்பு 1,800, பி.வி. விகிதம் 36 சதவீதம். டேபிள் டாப்புக்கோ பங்களிப்பு 1,200, விகிதம் 30. எதை முதலில் செய்ய வேண்டும்? எந்தப் பக்கம் பார்த்தாலும் டில்டிங்தான் முன்னே நிற்கிறது.

ஆனால் இரண்டும் ஒரே சோதனை மேசை வழியாகத்தான் வெளியேற வேண்டும். கல்லைப் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, சத்தம் கேட்டு, சரிசெய்கிற மேசை அது. மாதம் 200 மணி நேரம்தான் ஓடும். டேபிள் டாப்புக்கு 24 நிமிடம், டில்டிங்குக்கு 45 நிமிடம். இங்கே எடுக்க வேண்டிய வாய்பாடு:

தரவரிசை = ஒன்றின் பங்களிப்பு ÷ ஒன்றுக்குத் தேவைப்படும் தட்டுப்பாட்டு வளம்

டேபிள் டாப்: 1,200 ÷ 0.4 மணி = மணிக்கு 3,000 ரூபாய். டில்டிங்: 1,800 ÷ 0.75 மணி = மணிக்கு 2,400 ரூபாய். வரிசை தலைகீழாகிவிட்டது.

சரிபார்ப்போம். சந்தையில் டேபிள் டாப் 400, டில்டிங் 120 வரை விற்கும். டேபிள் டாப்பை முதலில் முடித்தால் 160 மணி. மிச்சம் 40 மணியில் 53 டில்டிங். மொத்தப் பங்களிப்பு 4,80,000-மும் 95,400-ம் சேர்ந்து 5,75,400. டில்டிங்கை முதலில் முடித்தால் 90 மணி. மிச்சம் 110 மணியில் 275 டேபிள் டாப். மொத்தம் 2,16,000-மும் 3,30,000-மும் சேர்ந்து 5,46,000. அதே மேசை, அதே ஆட்கள்; வரிசையை மாற்றியதில் மாதம் 29,400 ரூபாய் போகிறது.

தட்டுப்பாடு மாறினால் விடையும் மாறும். மேசை தாராளமாக இருந்து, மோட்டார் வரத்து தடைப்பட்டால், ஒரு கிரைண்டருக்கு ஒரு மோட்டார். மோட்டாருக்கு 1,800 தருகிற டில்டிங்தான் முதலில். கையில் பணம் தட்டுப்பாடு என்றால் போட்ட ரூபாய்க்கு எவ்வளவு என்று பாருங்கள்: டேபிள் டாப் 43 காசு, டில்டிங் 56 காசு, மறுபடியும் டில்டிங். மேசையும் மோட்டாரும் ஒரே நேரத்தில் இறுக்கினால் இந்த வகுத்தல் கணக்கு போதாது. நேரியல் திட்டமிடல் முறைக்குப் போக வேண்டும். எனவே வகுப்பதற்கு முன் பட்டறைக்குள் ஒரு நடை நடந்து, வேலை எங்கே குவிந்து கிடக்கிறது என்று பாருங்கள். அரைகுறை கிரைண்டர்கள் வரிசை கட்டி நிற்கிற இடம்தான் தட்டுப்பாடு.

இப்போது அந்த வெளியூர் ஆர்டருக்கு வருவோம். 400 டேபிள் டாப் போக மிச்சம் 40 மணி நேரம் காலி என்றோம். அந்த 40 மணியில் கடைக்காரரின் நூறைச் செய்தால் 21,000. அதே 40 மணியில் 53 டில்டிங் செய்தால் 95,400. டில்டிங் விற்கிற சந்தை இருக்கும்போது, காலி என்று நாம் நினைத்த இடம் காலியே இல்லை. இழக்கும் பங்களிப்பு ஒன்றுக்கு 954 ஆகிறது. குறைந்தபட்ச விலை 3,844-க்கு ஏறுகிறது. கடைக்காரருக்கு வணக்கம் சொல்லி அனுப்பிவிட வேண்டியதுதான்.

மந்த மாதத்தில் மூடலாமா?

டேபிள் டாப் மட்டும் செய்த பழைய நிலையிலேயே இதைப் பார்ப்போம். ஒரு மந்த மாதத்தில் 200-தான் விற்கும் என்று தெரிகிறது. சமன்புள்ளி 300, நஷ்டம் 1,20,000. நஷ்டத்தில் ஓட்டுவதை விட ஒரு மாதம் மூடலாமே என்று தோன்றும். இங்கே சமன்புள்ளி பயன்படாது.

மூடும் புள்ளி = மூடினால் மிச்சமாகும் நிலையான செலவு ÷ ஒன்றின் பங்களிப்பு

3,60,000-த்தில் மூடினால் மிச்சமாவது 1,44,000 என்று வைப்போம். வாடகையும் வட்டியும் நிரந்தர ஆட்களின் சம்பளமும் மூடினாலும் போகும். மூடும் புள்ளி 120 கிரைண்டர். மூடினால் நஷ்டம் 2,16,000, ஓட்டினால் 1,20,000. ஆகவே ஓட்டுங்கள். 120-க்குக் கீழே இறங்கினால்தான் ஷட்டரை இழுப்பது லாபம். அதற்கும் முன்பு, மூடியபின் மறுபடி திறக்கும் செலவையும், கைதேர்ந்த ஆட்கள் வேறு பட்டறைக்குப் போய்விடும் அபாயத்தையும் கணக்கில் சேருங்கள்.

விற்காத சரக்கு காட்டும் லாபம்

கடைசியாக, லாபத்தை அளக்கிற இடம். ஜொனாதன் ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணக்கர் 1936-ல், போன மாதம் நாம் எவ்வளவு சம்பாதித்தோம் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பனை கூடிய மாதத்தில் லாபம் குறைகிற விசித்திரத்தை அவர் எடுத்துக்காட்டினார். இந்த முறை கணக்காளர்களிடையே பரவியதில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு.

நம் பட்டறையிலேயே அதைப் பார்க்கலாம். 3,60,000-த்தில் உற்பத்தி சார்ந்தது 3,00,000, மற்றது 60,000. முதல் மாதம் 500 செய்து 400 விற்கிறார்கள். முழு அடக்கமுறையில் ஒன்றுக்கு 600 ரூபாய் நிலையான செலவு ஏறுகிறது. விற்காத நூறு கிரைண்டர் கொடவுனில் 60,000-த்தைச் சுமந்துகொண்டு நிற்கும். அந்தத் தொகை இந்த மாதச் செலவில் வராது. லாபம் 1,80,000 என்று காட்டும். அடுத்த மாதம் 300 செய்து, பழைய நூறையும் சேர்த்து 400 விற்கிறார்கள். அந்த 60,000 இப்போது இறங்குகிறது. லாபம் 60,000 என்று காட்டும். இரண்டு மாதமும் விற்றது அதே 400. இறுதிநிலை முறை இரண்டு மாதமும் 1,20,000 என்றே சொல்லும்.

லாப வேறுபாடு = இருப்பு மாற்றம் × ஒன்றுக்கு ஏறும் நிலையான உற்பத்திச் செலவு

விற்பனை அசையாமல் லாபம் ஏறினால் முதலில் கொடவுனைப் போய்ப் பாருங்கள். சரக்கு சேர்ந்திருந்தால் அந்த ஏற்றம் அங்கேதான் இருக்கிறது. அதற்காக ஆண்டுக் கணக்கை இறுதிநிலை முறையில் எழுதிவிட முடியாது. சரக்கிருப்பை மதிப்பிடும் இந்தியக் கணக்கியல் தரநிலை 2, நிலையான உற்பத்திச் செலவையும் சாதாரண உற்பத்தித் திறன் அடிப்படையில் சரக்கில் ஏற்றச் சொல்கிறது. ஆடிட்டருக்கும் வங்கிக்கும் அந்தக் கணக்கு. விலை பேசவும் வேலை பிரிக்கவும் இந்தக் கணக்கு. இரண்டையும் தனித்தனியே வைத்திருங்கள்.

ஒரு தாளில்

லாபமா நஷ்டமா என்ற கோடு எங்கே என்றால், சமன்புள்ளி.
விலை குறைக்கலாமா என்றால், புதிய பங்களிப்பை வைத்து இலக்கு லாப வாய்பாடு.
ஒரு தடவை ஆர்டர் என்றால், குறைந்தபட்ச விலை. மூன்று உறுப்பும் சேர்த்து.
எதை முதலில் செய்வது என்றால், தட்டுப்பாட்டு வளத்துக்கான பங்களிப்பு.
மந்த காலத்தில் ஓட்டலாமா என்றால், மூடும் புள்ளி.
மாத லாபம் ஏன் குதிக்கிறது என்றால், இருப்பு மாற்றம்.

எல்லாமே ஓர் எல்லைக்குள் செல்லுபவை. 500-க்கு மேல் போனால் இரண்டாவது சோதனை மேசை வேண்டும். அன்றைக்கு நிலையான செலவும் ஒரு படி ஏறும். கல்லும் எவர்சில்வரும் விலை ஏறினால் 2,800 என்ற எண்ணும் காலாவதி.

மாணவர்களே, கணக்கைப் படித்ததும் வாய்பாட்டைத் தேடாதீர்கள். இந்த முடிவால் எந்தச் செலவு மாறுகிறது, எது தட்டுப்பாடு என்ற இரண்டை முதலில் விடைத்தாளின் ஓரத்தில் எழுதுங்கள். தொழில் நடத்துகிற நண்பர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாறும் செலவைப் பில்லோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். பழைய எண்ணை வைத்துக்கொண்டு சரியான வாய்பாட்டைப் போட்டாலும் விலை தப்பாகத்தான் வரும்.